நக மூலையில் நிற்கும் முள்

கேள்வி: வயது 24. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முழுக்க சேஃப்டி ஷூவோடு நிற்கிறேன். வலது கால் கட்டைவிரல் நகத்தின் மூலை குத்திக்கொண்டே இருந்ததால், பத்து நாள் முன்பு பிளேடால் அந்த மூலையை ஒட்ட வெட்டி எடுத்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது முன்பைவிட வலி; போர்வை பட்டாலே உயிர் போகிறது. சதை வீங்கிப் பளபளக்கிறது. சாக்ஸில் தண்ணீர் மாதிரி ஒரு கறை. அறை நண்பர்கள் எலுமிச்சம்பழம் சொருகச் சொல்கிறார்கள், யூடியூபில் வெந்நீரில் காலை வைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? செப்டிக் ஆகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊரில் அம்மாவுக்கும் இதே தொல்லை உண்டு. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவரும் இதையே செய்யலாமா?

பதில்: பிளேடு போன இடத்தில் ஒரு முள்ளை விட்டு வந்திருக்கிறீர்கள். நகத்தின் மூலையை மேலிருந்து பார்த்து வெட்டினால் கண்ணுக்குத் தெரியும் பகுதிதான் கையோடு வரும். சதை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஓரத்தைப் பிளேடும் எட்டாது, நகவெட்டியும் எட்டாது. வெட்டு முடிகிற இடத்தில் நகம் கோணலாகக் கிழிந்து, மீன் முள் போல ஒரு கூர் அங்கேயே நிற்கும். அழுத்திக்கொண்டிருந்த மூலை போய்விட்டதால் முதல் இரண்டு நாள் சுகமாக இருந்திருக்கும். அதற்குள் காலியான இடத்தில் சதை வந்து உட்கார்ந்துவிடும். நகமோ வளர்வதை நிறுத்தவில்லை. மெல்ல முன்னே வருகிற அந்தக் கூர், எதிரே உட்கார்ந்திருக்கும் சதையில் ஏறுகிறது. உடம்பைப் பொறுத்தவரை, உள்ளே ஏறியது தன் நகமா கருவேல முள்ளா என்ற வித்தியாசம் கிடையாது. வீங்கும், சிவக்கும், நீர் விடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வெந்நீர், களிம்பு, மாத்திரை எல்லாமே முள்ளைச் சுற்றியிருக்கும் சதைக்குச் செய்கிற வைத்தியம்தான். முள் போக இரண்டே வழி. நகம் வளர்ந்து, மூலை சதையைத் தாண்டி வெளியே வர வேண்டும். இல்லையென்றால் ஒரு மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு அந்த ஓரத்தை எடுக்க வேண்டும். நாலைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து ஓட்டுநர் என்னிடம் வந்தார். இடது கட்டைவிரல், கிளட்ச் மிதிக்கிற கால். இரண்டு மாதத்தில் மூன்று தடவை ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் வீக்கம் வடியும், அப்புறம் பழைய கதை. ஊசி போட்டு மடிப்பை விலக்கிப் பார்த்தால், ஒரு பச்சரிசி நீளத்துக்குச் சீவல் மாதிரி ஒரு துண்டு நகம் சதைக்குள் படுத்துக் கிடந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இதுக்கா டாக்டர் ரெண்டு மாசம்?" என்று கேட்டு, அதைக் காகிதத்தில் மடித்து வீட்டில் காட்ட எடுத்துக்கொண்டு போனார்.

உங்கள் விரல் அந்தக் கட்டத்துக்குப் போயிருப்பதாக எழுத்தில் தெரியவில்லை. தண்ணீர் போன்ற கறை என்றால் அது பெரும்பாலும் ஊனீர்; புண்பட்ட சதை எல்லாமே விடுவது. அது மட்டும் இருந்தால் பழுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கீழே பழுத்ததற்கான அறிகுறிகளைச் சொல்கிறேன். அவற்றில் எதுவும் இல்லையென்றால், நான்கைந்து நாள் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்.

வெந்நீர் என்ற வார்த்தையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் தவறு அங்கேதான் நடக்கிறது. உங்களுக்குத் தேவை வெதுவெதுப்பான நீர். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு என்றால் எல்லோருக்கும் புரியும். கணக்காகச் சொன்னால் 37 முதல் 40 டிகிரி செல்சியஸ், அதாவது உடம்புச் சூட்டை ஒட்டியோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ. பொறுக்க முடிகிற அளவு சூடாக வைத்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்காதீர்கள். வீங்கிய சதை ஏற்கெனவே சூடாக இருக்கிறது. அதில் கொதிநீர் பட்டால் கொப்புளம்தான் மிச்சம். சூட்டைக் காலால் பார்க்க வேண்டாம், முழங்கையை விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், வெடுக்கென்று இழுக்கத் தோன்றக் கூடாது.

பாதம் தட்டையாகப் படியும் அளவு அகலமான ஒரு பிளாஸ்டிக் டப் எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் நான்கு பேர் இருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு மட்டும் என்று தனியாக வையுங்கள். அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும், விரல்கள் மூழ்கும். ஒரு லிட்டருக்கு ஒன்றரை தேக்கரண்டி என்ற கணக்கில் மூன்று தேக்கரண்டி உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும். சமையல் உப்பே போதும். கல் உப்பு என்றால் முழுக்கக் கரைந்த பிறகுதான் காலை வைக்க வேண்டும். இந்த அளவில் தண்ணீர் கிட்டத்தட்ட ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் அளவு உப்பாக இருக்கும், புண்ணில் எரியாது. கை நிறைய அள்ளிப் போட்டால் எரியும், சதையும் வறண்டு வெடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்புதான் வேண்டும் என்று யாராவது சொன்னால், அதுவும் சரி. ஆனால் அது இல்லாததால் எதுவும் குறைந்துவிடாது. இங்கே வேலை செய்வது நீரின் வெதுவெதுப்பும் ஊறலும்தான்.

பதினைந்து நிமிடம். வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே காலை ஊறவிடுகிறவர்கள் உண்டு. துணி துவைத்த கை மாதிரி விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிட்டால் அதிகம் ஊறிவிட்டது என்று பொருள். அப்படி ஊறிய தோல் எளிதில் பிய்யும், கிருமிக்கும் கதவு திறந்துவிடும்.

தண்ணீரில் டெட்டால் ஊற்றுவது நம் வீடுகளில் கை தன்னால் செய்கிற வேலை. ஊற்ற வேண்டாம். கிருமிநாசினித் திரவத்தில் புண்பட்ட விரலைத் தினம் மூன்று வேளை ஊறவைத்தால், புதிதாக வளர வேண்டிய தோலும் சேர்ந்து வெந்துபோகும். நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். நுரை வருவதால் அழுக்கு வெளியேறுவது போலத் தெரியும். அது அடிபட்ட நல்ல சதையிலும் அதே மாதிரிதான் நுரைக்கும்.

ஊறவைத்து எடுத்த பின் வரும் ஐந்து நிமிடத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். விரல் இடுக்குகளும் காய வேண்டும். இப்போது சதை மெத்தென்று இருக்கும். கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, நகத்தின் ஓரமாக வீங்கியிருக்கும் மடிப்பை ஆள்காட்டி விரலால் நகத்திலிருந்து விலக்கி, கீழ்நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை. வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் மூன்றாம் நாள் வலி கொஞ்சம் தணிந்து, நகத்தின் ஓரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் ஒரு பஞ்சுத் திரி வைக்கலாம். விளக்குக்குத் திரி திரிக்கத் தெரியும் அல்லவா? அதே மாதிரி, ஆனால் தீக்குச்சியில் பாதிப் பருமனில், அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறு திரி. அதில் வாசலின் தடவி, நகத்தின் முன்மூலைக்கு அடியில் நுழைத்து வையுங்கள். நுழைக்க ஊசியோ பின்னோ கூடாது. மழுங்கிய பல்குச்சி போதும். திரி நகத்தை ஒரு மயிரிழை தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒவ்வொரு முறை கால் ஊறவைக்கும்போதும் பழைய திரியை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். உள்ளே மறந்துபோன பஞ்சு நாலு நாளில் நாற்றமெடுத்து, அதுவே இன்னொரு முள்ளாகிவிடும். உங்கள் மூலை ரொம்ப உள்ளே போயிருந்தால் திரி நிற்காது. போராட வேண்டாம், பிளாஸ்டர் ஒட்டலாம். இழுபடும் துணி பிளாஸ்டரில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, அதன் ஒரு முனையை வீங்கிய மடிப்பின் மேல், நகத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்தபடியே பிளாஸ்டரை விரலுக்கு அடிப்பக்கமாகச் சாய்வாகக் கொண்டு போய் மறுபக்கம் முடியுங்கள். மோதிரம் மாதிரி முழுச் சுற்று சுற்றிவிடக் கூடாது, ரத்த ஓட்டம் தடைபடும். சீழ் இருந்தாலோ தோல் பிய்ந்திருந்தாலோ திரியும் வேண்டாம், பிளாஸ்டரும் வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஈரலில் கோளாறு இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். கைவிரலில் நகச்சுத்து வந்தால் எலுமிச்சையைத் துளைத்துச் சொருகுவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது. என் விரலிலும் பாட்டி சொருகியிருக்கிறார். குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் நகச்சுத்து நகத்தைச் சுற்றியுள்ள தோலில் தொடங்குவது, உங்களுடையது நக ஓரம் சதையைக் குத்துவது. பழம் முள்ளை எடுக்காது. ராத்திரி முழுக்கப் புளித்த ஈரத்தில் விரல் ஊறிக் கிடந்தால் தோல் வெந்துபோகும், அவ்வளவே. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடும் பற்றும் வேண்டாம். சுண்ணாம்பு தோலை அரிக்கும். மஞ்சளிலும் ஒரு சிக்கல் உண்டு: விரல் முழுக்க மஞ்சள் நிறம் ஏறிவிட்டால், சிவப்பு பரவுகிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதே காரணத்துக்காக, விரலைப் பழுப்பாக்கிவிடும் அயோடின் களிம்பையும் மருத்துவரிடம் காட்டும் முன் அப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி, பழுத்திருக்கிறதா என்பது.

வலியின் குணம் மாறுவதைத்தான் நான் முதலில் கேட்பேன். நகம் குத்தும் வலி தொட்டால் வரும், ஷூ போட்டால் வரும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் அடங்கும். பழுக்கத் தொடங்கிய விரல் சும்மா இருக்கும்போதே, இதயத் துடிப்புக்குத் தாளம் போடுவது மாதிரி விண்விண்ணென்று தெறிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். அடுத்தது, வெளியே வருவது என்ன என்று பாருங்கள். தெளிந்த நீரோ, காய்ந்தால் தேன் நிறத்தில் மெலிதாகப் பொருக்குக் கட்டுவதோ பெரிதாகப் பயப்பட வேண்டியதல்ல. கெட்டியாக, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பச்சையாகவோ, வாடையோடு வந்தால் அது சீழ். சில சமயம் வெளியே வராமல், நக மடிப்பின் தோலுக்கு அடியில் வெண்மஞ்சளாக ஒரு முட்டு தெரியும். அதை ஊசியால் குத்திவிட வேண்டாம். குத்தினால் மேலே இருப்பது கொஞ்சம் வரும், மீதி உள்ளே இறங்கும்.

சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில், அதுவும் கருத்த தோலில், சிவப்பு அப்படிப் பளிச்சென்று தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கருப்பாகவோ தெரியும், சில நேரம் நிறமே மாறாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோலில் இருக்கும் கோடுகளைப் பாருங்கள். வீங்கிய இடத்தில் கோடுகள் மறைந்து தோல் இழுத்துப் பூட்டியது போல மினுங்கும். அப்புறம் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், முதலில் நல்ல விரலில், பிறகு கெட்ட விரலில். சூடும் வீக்கமும் எங்கே முடிகிறதோ அங்கே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரியில் நாங்களும் இதைத்தான் செய்கிறோம். நக ஓரத்தைச் சுற்றி மட்டும் நிற்கும் சிவப்பு முள்ளின் எரிச்சலாக இருக்கலாம். கோட்டைத் தாண்டி விரலின் மூட்டு வரை வந்துவிட்டால், அது சதைக்குள் பரவும் தொற்று. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, குளிர் நடுக்கம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் — இவற்றில் ஒன்று வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். தொற்று விரலைவிட்டு மேலே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஒன்று: பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தால் காய்ச்சல் அமுங்கி இருக்கும். அதனால் மாத்திரை போடும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

சீழ் மாதிரியே பயமுறுத்துவது இன்னொன்று உண்டு. நக ஓரத்தில் ஈரமாக, கோவைப்பழ நிறத்தில், தொட்டாலே ரத்தம் கசியும் ஒரு சதை மொட்டு. புதுச்சதை அளவுக்கு மீறி வளர்ந்தது அது. முள் இருக்கும் வரை, உடம்பு புண்ணை மூடப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருப்பதால் வளர்வது. "கட்டி வந்துவிட்டது" என்று அலறியபடி வருவார்கள். தொற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; ஆனால் அந்த மொட்டு வந்த பிறகு உப்பு நீரை நம்பி நாளைக் கடத்துவதில் பயனில்லை. அதற்குக் காரணமான நக ஓரத்தை எடுத்தாக வேண்டும். அதுவரை நூல் கட்டி அறுப்பது, கார மருந்து வைத்துச் சுடுவது எல்லாம் வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவர் காலை ஊறவைக்கவே கூடாது, வெதுவெதுப்பான நீரிலும்கூட. பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். பலருக்கு அது மங்கியிருப்பதே தெரியாது. முழங்கை வைத்துப் பார்த்தேன், இதமாகத்தான் இருந்தது என்று ஒரு அம்மா சொன்னார். நடுவில் நீர் ஆறிவிட்டது என்று கெட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டாராம். கால் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஊற்றியிருக்கிறார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது தோல் செருப்போடு வந்திருக்கிறது. வலி இல்லை, அதனால் தெரியவில்லை. அதே காரணத்தால்தான் நான் மேலே சொன்ன விண்விண்ணென்ற தெறிப்பு, தொட்டால் வலி என்ற அடையாளங்களும் உங்கள் அம்மாவிடம் வராமலே போகலாம். பழுத்த விரல் அமைதியாக இருக்கும். அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாதாரணத் தண்ணீரில் கழுவி, இடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து, சுத்தமான துணிக்கட்டு போட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீழோ, கறுப்போ, வாடையோ இருந்தால் அன்றைக்கே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கே போகலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரி வந்தால், அவரிடமும் காலைக் காட்டி, எங்கே போகலாம் என்று கேட்கட்டும். நகத்தை வீட்டில் யாரும் வெட்டிவிட வேண்டாம், மகன் நீங்களானாலும். பீடி, சிகரெட்டால் கால் ரத்தக்குழாய் அடைத்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள், புற்றுநோய் மருந்து ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் இதே பேச்சுத்தான்.

சரி, உங்களுக்கு நான்கைந்து நாளில் வலி பாதியாகக்கூடக் குறையவில்லை, அல்லது மேலே சொன்னதில் ஒன்று வந்துவிட்டது. மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? நகத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் மாதக்கணக்கில் நொண்டுகிறார்கள். முழு நகத்தையும் எடுப்பது இதற்குத் தேவைப்படுவது அபூர்வம். அப்படி எடுத்தாலும், அடியில் இருக்கும் வேர் அதே அகலத்தில் நகத்தைத் திரும்ப வளர்க்கும், தொல்லையும் பெரும்பாலும் கூடவே வரும். வழக்கமாகச் செய்வது, விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டு, குத்துகிற பக்கத்தில் மட்டும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்றை வேர் வரை எடுப்பது. அடிக்கடி வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்து வேரில் மட்டும் ஃபீனால் என்ற மருந்தைத் தொட்டு வைப்போம்; அந்த ஓரம் பிறகு முளைக்காது. நகம் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த ஊசி வலிக்கும், அதை மறைப்பதற்கில்லை. இருபது முப்பது நொடி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நாங்கள் அசைப்பது தெரியும், வலி தெரியாது. அரை மணியில் வேலை முடிந்து, முன்பக்கம் திறந்த செருப்பில் வீட்டுக்கு நடந்தே போகலாம். ஃபீனால் வைத்த விரல் சில வாரம் நீர் விட்டுக்கொண்டிருக்கும், அது வழக்கம்தான்.

ஆண்டிபயாடிக் எப்போது? சிவப்பு பரவியிருந்தால், காய்ச்சல் இருந்தால், சர்க்கரை இருந்தால் கொடுப்போம். முள் உள்ளே இருக்க, மருந்துக் கடையில் பெயர் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது அந்த ஓட்டுநர் செய்த வேலை. பிளேடால் வெட்டியதால் இன்னொன்றும் கேட்கிறேன்: கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால், மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் சொல்லுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் முதலில் உங்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள். சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்கும், விடுப்புக்கான சான்றிதழும் கிடைக்கும்.

ஒருவேளை வீட்டு வைத்தியத்திலேயே வலி அடங்கிவிட்டால், அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், கைநகத்தில் பாதி வேகம். நீங்கள் மூலையில் நான்கு மில்லிமீட்டர் உள்ளே வெட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சதையைத் தாண்டி வெளியே வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். வலி ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும், மூலை இன்னும் உள்ளேதான் இருக்கும். அந்த இரண்டரை மாதமும் தினம் ஒருமுறையாவது ஊறவைத்து, மடிப்பை விலக்கிவிட்டு வர வேண்டும். மறுபடி லேசாகக் குத்தும்போது கை பிளேடைத் தேடும். அங்கே வெட்டினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நகத்தின் நடுவில் ஆங்கில 'வி' மாதிரி வெட்டினால் ஓரங்கள் உள்வாங்கும் என்று யாராவது சொல்வார்கள். நகம் வேரிலிருந்து மட்டுமே வளர்கிறது. முனையில் என்ன வெட்டினாலும் ஓரத்துக்குச் சேதி போகாது.

வெளியே வந்த பிறகு, நேர்கோடாக வெட்டுங்கள். மூலை இரண்டும் சதைக்கு வெளியே கண்ணுக்குத் தெரிய நிற்க வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் லேசாக மழுக்கிக்கொள்ளலாம், வெட்டி வளைக்கக் கூடாது.

கடைசியாக அந்த ஷூ. உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் அதன் மேல் நின்று பாருங்கள். கட்டைவிரலோ சுண்டுவிரலோ இன்சோலின் ஓரத்துக்கு வெளியே வழிந்தால், இரும்புத் தொப்பி தினம் எட்டு மணி நேரம் அந்தச் சதையை நகத்தின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. சாதாரண ஷூ போடப் போடத் தளரும், அந்த இரும்பு தளராது. ஒரு சைஸ் பெரியதோ, முன்பக்கம் அகலமானதோ ஸ்டோரில் கேட்டு வாங்குங்கள். புண் ஆறும் வரை, ஷூ கட்டாயம் இல்லாத வேலையில் சில நாள் போடச் சொல்லி சூப்பர்வைசரிடம் மருத்துவர் சீட்டோடு கேளுங்கள். சாக்ஸ் பருத்தியில் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நக ஓரம் பட்ட இடத்தில் கறையின் நிறம் என்ன என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.